பணவீக்கம்: இரண்டு எண்களில் எதைப் பார்ப்பது?

விலைவாசி பற்றிய செய்தியில் பெரும்பாலும் இரண்டு எண்கள் வரும். எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடுவது ஒட்டுமொத்தப் பணவீக்கம். உணவையும் எரிபொருளையும் கழித்துவிட்டுக் கணக்கிடுவது அடிப்படைப் பணவீக்கம். சாப்பாடும் பெட்ரோலும் இல்லாமல் யார் வாழ்கிறார்கள் என்று கோபம் வருவது நியாயம்தான். ஆனால் இரண்டாவது எண் நம் வீட்டுச் செலவை அளக்க வந்ததல்ல.

2022-இல் அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். ஜூனில் ஒட்டுமொத்தப் பணவீக்கம் 9.1%, அடிப்படை 5.9%. செப்டம்பரில் முதலாவது 8.2% ஆக இறங்கியது, இரண்டாவதோ 6.6% ஆக ஏறியது. பெட்ரோல் விலை குறைந்ததால் மேல் எண், அதாவது ஒட்டுமொத்தப் பணவீக்கம், தணிந்தது. அதே மாதங்களில் வீட்டு வாடகை ஏறிக்கொண்டே இருந்தது. வாடகை ஒருமுறை ஏறினால் சட்டென்று இறங்காது. மேல் எண்ணை மட்டும் பார்த்தவர் நிம்மதி அடைந்திருப்பார். மத்திய வங்கியோ செப்டம்பரிலும் நவம்பரிலும் வட்டியை 0.75 புள்ளி வீதம் உயர்த்தியது.

உணவையும் எரிபொருளையும் கழிப்பதற்குக் காரணம் இதுதான். மழை பொய்த்தால் காய்கறி ஏறும், போர் வந்தால் எண்ணெய் ஏறும். வட்டியை உயர்த்தி மழையை வரவழைக்க முடியாது. அதோடு, வட்டி உயர்வு முழுதாக வேலை செய்ய ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும். அதற்குள் அந்த விலையே இறங்கியிருக்கலாம்.

சரி, அடிப்படை எண்ணில் குறையே இல்லையா? உண்டு. எதைக் கழிப்பது என்பது முன்கூட்டியே முடிவானது. 2021-இல் அமெரிக்காவில் பழைய கார்களின் விலை ஒரே வருடத்தில் 40%க்கு மேல் எகிறியது. அது உணவும் அல்ல, எரிபொருளும் அல்ல என்பதால் கணக்கிலேயே தங்கி எண்ணை ஊதிவிட்டது. இதற்கு மாற்றாக, அந்தந்த மாதம் அதிகமாக ஏறியதையும் இறங்கியதையும் வெட்டிவிட்டுச் சராசரி எடுக்கும் முறை இருக்கிறது. அமெரிக்க மத்திய வங்கியின் பிராந்தியப் பிரிவான கிளீவ்லேண்ட் ஃபெடரல் ரிசர்வ் வங்கி, இரு முனைகளிலும் மொத்தச் செலவில் 8% பங்குள்ள பொருட்களை வெட்டுகிறது. என் பார்வையில் இதுவே நேர்மையான வடிகட்டல். செய்தியில்தான் அரிதாக வருகிறது.

இன்னொரு சிக்கல், எரிபொருள் முழுதாக வெளியே போவதில்லை. விமானக் கட்டணத்திலும் சரக்குக் கூலியிலும் ஏறி, கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிடும். உணவு விலை நீண்ட நாள் உயர்ந்தே நின்றால், ஆட்கள் கூலியை ஏற்றிக் கேட்பார்கள். அதுவும் அடிப்படை எண்ணில்தான் வந்து சேரும். வருமானத்தில் பெரும்பகுதி சாப்பாட்டுக்கே போகும் நாடுகளில் இந்த எண்ணை மட்டும் நம்புவது ஆபத்து.

ஆகவே சம்பள உயர்வு கேட்கவும் ஓய்வூதியத்தைச் சரிபார்க்கவும் ஒட்டுமொத்த எண்தான் வேண்டும். கடன் வட்டி எந்தப் பக்கம் போகும் என்று ஊகிக்க அடிப்படை எண். இரண்டுக்கும் இடைவெளி விழுந்தால் சில மாதங்கள் தொடர்ந்து கவனியுங்கள். மேல் எண் இறங்கி அடிப்படையோடு சேர்ந்தால், வந்தது தற்காலிக அதிர்ச்சி. அடிப்படை ஏறி மேல் எண்ணை நெருங்கினால், விலையேற்றம் மற்ற பொருட்களுக்கும் பரவிவிட்டது.