ஆறு வருஷமா கிளவுட்ல ஃபைல் வச்சிருக்கேன், என் அனுபவம்

நான் சிவகாசியில பிரஸ்களுக்கு காலண்டர், கல்யாண பத்திரிகை டிசைன் பண்ணி குடுக்கிறேன். 2019ல என் ஹார்ட் டிஸ்க் ஒன்னு டக் டக்னு சத்தம் போட ஆரம்பிச்சு ரெண்டே நாள்ல நின்னுடுச்சு, ரெக்கவரிக்கு குடுத்ததுல பாதி ஃபைல்தான் கிடைச்சுது. அதுக்கப்புறம்தான் மைக்ரோசாஃப்ட்டோட கிளவுட் சேவையான ஒன்ட்ரைவ்ல 1 டிபி இடம் வர்ற மாதிரி சந்தா கட்டினேன் (ஃப்ரீயா வர்ற 5 ஜிபி எனக்கு ஒரு வார வேலைக்கே பத்தாது).

கிளவுட்னா நம்ம ஃபைலை இன்டர்நெட் வழியா ஒரு கம்பெனியோட டேட்டா சென்டர்ல இருக்கிற டிஸ்க்ல வைக்கிறது. ஒரே ஃபைலை ஒன்னுக்கு மேற்பட்ட டிஸ்க்ல காப்பி எடுத்து வச்சிருப்பாங்க, அங்க ஒரு டிஸ்க் போனாலும் நமக்குத் தெரியாது. என் டேபிள்ல இருந்த டிஸ்க் போனா அவ்ளோதான், வேற காப்பி கிடையாது. இந்த ஒரு விஷயத்துலதான் கிளவுட்டை நம்பி போனேன், அது இன்னிக்கு வரைக்கும் என்னை கைவிடல.

ஆனா 2021ல நடந்ததைச் சொல்லணும். லேப்டாப்ல 256 ஜிபி எஸ்எஸ்டி, சி டிரைவ் நிறைஞ்சு சிவப்பு கலர் வந்துடுச்சு. பழைய வேலை எல்லாம் 38 ஜிபி ஒரே ஃபோல்டர்ல இருந்துச்சு, அதான் கிளவுட்ல ஏறிடுச்சேன்னு இங்க டெலீட் பண்ணிட்டேன். மூணு வாரம் கழிச்சு பிரஸ் அண்ணாச்சி ஃபோன் பண்ணி "தம்பி, 2018ல போட்ட தினசரி காலண்டர் ஃபைல் இருக்கா, அதே டிசைன் வேணும்ங்கறாங்க"ன்னு கேட்டாரு. மொபைல் ஆப்ல தேடுறேன், ஃபோல்டரே இல்ல. லேப்டாப்ல இருக்கிற ஒன்ட்ரைவ் ஃபோல்டரும் கிளவுட்டும் ரெண்டு தனித்தனி காப்பி இல்ல, ஒன்னுல பண்றது இன்னொன்னுலயும் நடக்கும், இதுக்குப் பேர்தான் சிங்க். நான் இங்க அழிச்சது அங்கயும் அழிஞ்சிருக்கு. பதறிப்போய் பிரௌசர்ல ஒன்ட்ரைவ் திறந்து ரீசைக்கிள் பின்ல பார்த்தா நல்லவேளை அங்க கிடந்துச்சு, 30 நாள் வரைக்கும்தான் அதுல இருக்கும், அன்னிக்கு 22வது நாள். இன்னும் பத்து நாள் கழிச்சு அண்ணாச்சி கேட்டிருந்தா எதுவும் மிஞ்சியிருக்காது.

லேப்டாப்ல இடம் மட்டும் வேணும்னா டெலீட் பண்ணக் கூடாது, ஃபோல்டர் மேல ரைட் கிளிக் பண்ணி `Free up space` குடுக்கணும். பேர் அப்படியே கண்ணுக்குத் தெரியும், பக்கத்துல நீல மேகம் படம் வந்துடும், ஆனா டிஸ்க்ல இடம் எடுக்காது. நிஜமா எங்க இருக்குன்னு சந்தேகம் வந்தா `Properties` திறந்து பாருங்க, `Size` 300 எம்பின்னு இருக்கும், கீழயே `Size on disk` 0 பைட்னு இருக்கும், அப்படின்னா அந்த ஃபைல் உங்க கம்ப்யூட்டர்ல இல்ல, கிளவுட்ல மட்டும்தான் இருக்கு.

இதுல இன்னொரு சிக்கல் உண்டு, மேகம் போட்ட ஃபைலை நெட் இல்லாம திறக்க முடியாது. ஒரு தடவை பிரஸ்ல உக்காந்து பிளேட் எடுக்கிற நேரத்துல நெட் கட், ஃபைல் பேரைப் பாக்குறேன், திறக்க வழியில்ல, மெஷின்மேன் ஒரு மணி நேரம் சும்மா நின்னாரு. அதுலேர்ந்து அந்த மாச வேலை ஃபோல்டருக்கு மட்டும் `Always keep on this device` குடுத்துடுவேன், பச்சை கலர் வட்டத்துல டிக் விழுந்தா முழு ஃபைலும் லேப்டாப்ல இருக்குன்னு அர்த்தம்.

வேகத்தையும் யோசிங்க. என் லைன்ல அப்லோட் 10 எம்பிபிஎஸ், 8 பிட் சேர்ந்தாதான் 1 பைட், அப்போ செகண்டுக்கு சுமார் 1.25 எம்பி. 60 ஜிபி ஏத்தணும்னா 13 மணி நேரத்துக்கு மேல, ராத்திரி போட்டுட்டு படுத்தா காலைலயும் முடிஞ்சிருக்காது. அதே 60 ஜிபியை செகண்டுக்கு 100 எம்பி எழுதுற யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்ல போட்டா பத்து நிமிஷம்.

அப்புறம் சந்தா நின்னா என்ன ஆகும்னு பலரும் கேக்குறாங்க. இருக்கிற ஃபைலை கீழ இறக்கிக்கலாம், ஆனா ஃப்ரீ அளவைத் தாண்டி இருந்தா புதுசா எதுவும் ஏத்த முடியாது, ரொம்ப நாள் அப்படியே விட்டா ஃபைலையே நீக்கிடவும் வாய்ப்பு இருக்கு. அதனால கட்டுற தேதியை மறக்காதீங்க.

இப்போ ரெண்டையும் வச்சிருக்கேன். அன்றாட வேலை கிளவுட்ல, மொபைல்லயே திறந்து கஸ்டமர்கிட்ட காட்டிடுறேன். சனிக்கிழமை சாயங்காலம் 1 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க்கை மாட்டி அந்த வார ஃபோல்டரை காப்பி பண்ணுவேன், அதுக்கு முன்னாடி மேகம் போட்டதெல்லாம் டவுன்லோட் ஆயிடுச்சான்னு பாத்துக்குவேன். முடிஞ்சதும் வயரை கழட்டி பீரோல வச்சுடுவேன், மாட்டியே இருந்தா லேப்டாப்ல வர்ற வைரஸ் அதையும் தொட்டுடும்.