அட்டைக்கு 14 ரூபாய் ரேட்டா? லோடு ஏற்றும் முன் இதைப் படிங்க (13,565 ரூபாய் போச்சு)

கை இன்னும் நடுங்குது, அதனால எழுத்து கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். நேற்று சாயங்காலம்தான் கணக்கு முடிஞ்சுது. 13,565 ரூபாய். காயலான் கடை வைத்திருக்கிறவங்களுக்கு அது எத்தனை நாள் உழைப்புன்னு தெரியும். பெயர் போடலை. ஹைவே ஓரத்தில் பெரிய ஷெட் போட்டு, தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் ரேட் அனுப்பி, சின்னக் கடைகளிடம் பேப்பர், இரும்பு, பிளாஸ்டிக் எல்லாத்தையும் ஒரே லோடாக எடுக்கிற மொத்த குடோன். இந்த மாதிரி குடோன் உங்க ஊர்ப் பக்கமும் இருக்கும்.

அனுப்பிய ரேட் கிலோவுக்கு இது: அட்டை 14, கெட்டி இரும்பு 32, கட்டி பிளாஸ்டிக் 24. அதே வாரம் மற்ற இரண்டு பேர் அட்டைக்கு 11.50, இரும்புக்கு 29 சொல்லிக்கொண்டிருந்தாங்க. இவ்வளவு வித்தியாசம் ஏன்னு கேட்டதுக்கு, "நாங்க மில்லுக்கு நேரா கொடுக்கறோம்ணே, நடுவுல ஆளே கிடையாது. நம்ம கிட்ட கட்டிங்கும் கிடையாது"ன்னு பதில். எடையிலும் ரேட்டிலும் எதையும் கழிக்க மாட்டோம்னு அர்த்தம். அந்த "கட்டிங் கிடையாது"ங்கிற ஒரு வார்த்தையை நம்பித்தான் எல்லாமே போச்சு. எழுத்தில் கேட்கலை. போனில் சொன்னதோட சரி.

ரேட் கூட வந்தால் கடை என்ன செய்யும்? வாங்குகிற விலையை ஏற்றும். வழக்கமாக 8 ரூபாய்க்கு எடுக்கிற அட்டையை 11க்கு எடுத்தாச்சு. இரும்பு 27, கட்டி பிளாஸ்டிக் 18. ஆறு நாளில் அட்டை 2,000 கிலோ, இரும்பு 900, பிளாஸ்டிக் 300 சேர்ந்தது. கொள்முதல் 51,700 ரூபாய், லாரி வாடகை 3,500, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி 1,500. சொன்ன ரேட்டுக்கு விற்றால் 64,000 வரணும், 7,300 மிச்சம் ஆகணும். கைக்கு வந்தது 50,435. வர வேண்டியதில் 13,565 குறைவு. கையிலிருந்து போட்ட காசிலேயே 6,265 கரைஞ்சு போச்சு.

எங்கே எப்படிப் போச்சுன்னு ஒவ்வொன்றாகச் சொல்றேன். மூன்று சரக்குக்கும் மூன்று விதமா கை வைக்கிறாங்க.

பெரிய அடி அட்டையில். எடை மேடையில் 1,960 கிலோ காட்டுச்சு, கடைத் தராசை விட 40 கிலோ கம்மி. அது பரவாயில்லை, ஆறு நாள் கிடந்த அட்டை கொஞ்சம் காயத்தான் செய்யும், எடை மேடையும் பத்து பத்து கிலோவாகத்தான் காட்டும். அடுத்து ஒரு பையன் ஊசி வைத்த ஈர மீட்டரோடு வந்தான். கட்டின் வெளிப்பக்கத்தில், மழைச்சாரல் பட்ட இடமாகப் பார்த்து, ஒரே ஒரு இடத்தில் குத்தினான். 12ன்னு காட்டுச்சு. உடனே "12 பர்சன்ட் ஈரக்கழிவு"ன்னு சீட்டில் எழுதி 235 கிலோவைக் கழிச்சாங்க. மிச்சம் 1,725 கிலோவுக்கும் குறைவு. அதுக்கும் 14 இல்லை, 11.50. "காலையிலேயே ரேட் இறங்கிடுச்சுண்ணே." அட்டைக்கு வர வேண்டிய 28,000 இப்படி 19,835 ஆச்சு.

இந்த ஈரக்கழிவு கணக்குதான் நிறைய பேருக்குப் புரியாமல் காசு விடுகிற இடம், அதனால கொஞ்சம் நின்று சொல்றேன். பேப்பர், அட்டை எதுவாக இருந்தாலும் காற்றிலிருந்து ஈரத்தை எடுத்து வைத்திருக்கும். நல்லாக் காய்ந்த கட்டில் குத்தினாலே மீட்டர் 7, 8 காட்டும். மழைக்காலத்தில் ஒரு சொட்டுத் தண்ணி படாத கட்டுகூட அதுக்கு மேல் போகும். அந்த இயல்பான ஈரத்துக்கு மில்லுக்காரன் காசு பிடிக்கிறதில்லை, 10 சதவீதம் வரை சரக்கோடு சேர்ந்ததுன்னு எடுத்துக்கிறதுதான் பொதுவான வழக்கம். அதுக்கு மேல் உள்ளதைத்தான் கழிக்கணும். அப்போ மீட்டர் 12 காட்டினால் சரியான கணக்கு: 1,960 கிலோவை 88ஆல் பெருக்கி 90ஆல் வகுக்கணும். 1,916 கிலோ வரும். கழிவு வெறும் 44 கிலோ. இவங்க எடுத்தது 235. மீட்டரில் தெரிந்த எண்ணை அப்படியே கழிவாக ஆக்கிட்டாங்க. ஈரமே இல்லாத அட்டை உலகத்தில் எங்கே இருக்கு? அவங்க கொடுத்த 11.50 ரேட்டிலேயே பார்த்தாலும் இந்த ஒரு தில்லுமுல்லுவில் 2,200 ரூபாய் போகுது.

மீட்டரைப் பற்றியும் ஒன்று. மரத்துக்கு உள்ள அளவில் வைத்து அட்டையில் குத்தினால் எண் தப்பா வரும். பெட்டியில் அடித்த கம்பிப் பின் மேலே ஊசி பட்டால் எங்கேயோ எகிறும். குறைந்தது ஐந்து கட்டாவது பிரித்து, உள்ளே குத்தி, சராசரி எடுக்கணும். ஒரே குத்தில் முடிச்சா அது அளவு இல்லை.

பிளாஸ்டிக்கில் வேற கதை. கட்டி பிளாஸ்டிக்னா குடம், வாளி, நாற்காலி, கேன் மாதிரி. ஒரு சாக்கைக் கொட்டினாங்க, உள்ளே முழம் நீளத்துக்கு இரண்டு பிவிசி பைப் துண்டு கிடந்தது. எல்லாம் சேர்ந்து இரண்டு கிலோ இருக்கும். அதைக் காட்டி 300 கிலோவையும் கலப்பு ரேட்டில், 24க்குப் பதில் 15ன்னு போட்டாங்க. 2,700 ரூபாய். பிவிசி கலந்தால் உருக்கும்போது அமில ஆவி கிளம்பி மற்ற பிளாஸ்டிக்கையும் கெடுக்கும், அது உண்மைதான். அதுக்கு அந்த இரண்டு கிலோவைப் பொறுக்கி வெளியே போடணும், 298 கிலோவின் விலையைக் குறைக்கக் கூடாது. கடையிலேயே இதைப் பிடிக்கலாம்: சந்தேகமான துண்டை நறுக்கி ஒரு வாளித் தண்ணியில் போட்டு அமுக்கி விடுங்க. குடம், வாளி, கேன் வகை மேலே வந்து மிதக்கும். பிவிசியும் பெட் பாட்டிலும் அடியில் உட்காரும். ஆள் போட்டுச் செய்தாலும் ஒரு சாக்குக்குப் பத்து நிமிஷம். எங்க பக்கம் அது நடக்கலை, அந்தத் தப்பை ஒத்துக்கிறேன்.

இரும்பில் லோடின் மேலே கிடந்த நாலு பெயிண்ட் டப்பாவைக் காட்டி, "தகரம் கலந்திருக்கு"ன்னு 32ஐ 29 ஆக்கினாங்க. 900 கிலோவுக்கு 2,700. தகரத்தைத் தனியா எடை போடுங்கன்னு கேட்டதுக்கு, "லாரி நிக்குதுண்ணே, பின்னாடி நாலு லோடு இருக்கு"ன்னாங்க. அந்த நேரத்தில் எல்லாம் இறக்கியாச்சு. திரும்ப ஏற்ற ஆள் கூலி, லாரிக்கு வெயிட்டிங், வேற குடோனுக்கு ஓட்டம். அவங்களுக்கு இது நல்லாத் தெரியும். இறக்குகிற வரைக்கும் "அண்ணே அண்ணே", இறக்கின பிறகு "இஷ்டம்னா கொடுங்க".

அப்புறம் போன் பண்ணினா, முதல் போனுக்கு "மில்லுல எங்களையே கட் பண்ணிட்டாங்கண்ணே, நாங்க என்ன பண்றது". மில்லுக்கு இன்னும் போகவே இல்லாத சரக்கை மில் எப்படி கட் பண்ணும்? அடுத்த போனுக்கு "சூப்பர்வைசர் லீவு". மூன்றாவது தடவை "ஆபீஸ்ல பேசுங்க", ஆபீஸ்ல "குடோன்ல பேசுங்க". ரேட் அனுப்பிய மெசேஜைக் காட்டலாம்னு வாட்ஸ்அப்பைத் திறந்தா, "இந்த மெசேஜ் நீக்கப்பட்டது". ஆறு நாள் ரேட்டையும் அன்னன்னைக்கே நீக்கியிருக்காங்க போல. 13,565 ரூபாய்க்கு இருந்த ஒரே சாட்சி அதுதான்.

இனிமே ரேட் போடுகிறவங்க மேலேயிருந்து கீழே கணக்குப் போடுங்க. குடோன் சொல்ற அதிகமான ரேட் வேண்டாம், மற்றவங்க சொல்ற சாதாரண 11.50ஐ எடுத்துக்கங்க. எடை குறைவு, ஈரம்னு 3 சதவீதம், அதாவது 35 பைசா போகும். லாரியும் கூலியும் 5,000. இதை மொத்தக் கிலோவுக்குச் சமமா வகுக்கக் கூடாது, இங்கதான் பல பேர் தப்பு பண்றாங்க. லாரியில் முக்கால்வாசி இடத்தை அடைத்தது அட்டை, அப்போ 3,750 ரூபாய் அட்டையோட தலையில். 2,000 கிலோவுக்கு வகுத்தால் கிலோவுக்கு 1.88. மிச்சம் 9.27. கடை வாடகை, ஆள், தராசு, உங்க லாபம்னு ஒரு ரூபாயாவது வேணும். அப்போ வாங்க வேண்டிய விலை 8.25. இதுக்கு மேல் 11 கொடுத்த அன்னைக்கே நஷ்டம் ஆரம்பிச்சாச்சு, குடோன் செய்தது அதுக்கு அப்புறம்தான். இரும்புக்கு இடம் கம்மி, எடை அதிகம், அதனால கிலோவுக்கு வண்டிச் செலவு ரொம்பச் சின்னது. அதில் ஒன்றரை ரூபாய் வித்தியாசத்தில்கூட ஓட்டலாம், அட்டையில் முடியாது.

எச்சரிக்கைன்னு நீளமா எழுத உட்கார்ந்தேன், இப்போ முடியலை. சுருக்கமா: ஊர் ரேட்டை விட அட்டைக்கு ஒரு ரூபாய்க்கு மேல் யாராவது கூடச் சொன்னால் முதல் தடவை 200 கிலோ மட்டும் அனுப்பிப் பாருங்க, அதுவரை வாங்குகிற விலையை ஏற்றாதீங்க. ஈரம் எத்தனை சதவீதம் வரை கழிக்க மாட்டாங்க, அதுக்கு மேல் எப்படிக் கழிப்பாங்கன்னு மெசேஜில் பதில் வாங்குங்க. வந்த உடனே ஸ்கிரீன்ஷாட். முதல் கட்டு இறங்கின உடனே ஈரம் பார்க்கச் சொல்லி, ரேட்டைச் சீட்டில் எழுதின பிறகு மிச்சத்தை இறக்குங்க. தகரம், பிவிசி தனிச் சாக்கு. எடை மேடையில் இந்த வருஷ முத்திரை இருக்கான்னு பாருங்க. லோடோடு எடை போடும்போது டிரைவர் கீழே நின்றால், காலி வண்டி எடையிலும் கீழேயே நிற்கணும். அவர் ஏறி உட்கார்ந்தால் 70 கிலோ உங்க சரக்கிலிருந்து போகும்.