குன்னூர் சரிவுல வீடு: ஒரே பெரிய சுவரா, மூணு படிக்கட்டு மட்டமா?

குன்னூர் பக்கம் சரிவுல இடம் வாங்குறவங்க முதல்ல கேக்குறது, ஜேசிபி விட்டு வெட்டி சமதளமாக்கி 4.5 மீட்டர்ல ஒரே தடுப்புச் சுவர் கட்டிடலாமா, இல்ல இருக்குற சரிவோடயே 1.5 மீட்டர் சுவரா மூணு மட்டம் போட்டு வீட்டையும் படிப்படியா இறக்கலாமான்னுதான்.

நான் ரெண்டாவதுதான் சொல்வேன். மண்ணோட தள்ளு விசை உயரத்தோட வர்க்கத்துல ஏறும், அதனால ஒரு பெரிய சுவர் தாங்குற விசை அந்த மூணு சின்னச் சுவரும் சேர்ந்து தாங்குறத விட 3 மடங்கு. ஆனா சுவர்களுக்கு நடுவுல கீழ்ச் சுவர் உயரத்துல ரெண்டு மடங்கு, அதாவது 3 மீட்டராவது தள்ளி விடணும், நெருக்கிக் கட்டினா மேல்சுவர் பாரம் கீழ்சுவர் மேல ஏறி மூணும் ஒரே சுவர் மாதிரிதான் நிக்கும்.

பெரிய சுவருக்கு ஒரு நல்லது இருக்கு, கார் வாசல் வரைக்கும் வரும், வயசானவங்களுக்கு ஏற்றமில்ல. மட்ட வீட்ல ஒவ்வொரு மட்டத்துக்கும் 15 செ.மீ. உயரத்துல 10 படி ஏறணும், தினமும்.

எதுவானாலும் சுவருக்குப் பின்னாடி ஜல்லி நிரப்பி தண்ணி வெளியேற ஓட்டை வைங்க. நல்ல மழையில ஓட்டை காஞ்சே கிடந்து சுவர் நடுவுல வயிறு தள்ளுதுன்னா உள்ள தண்ணி தேங்குது, உடனே இன்ஜினியரக் கூப்பிடுங்க.