வயதா, வட்டார வழக்கா, ஆண் பெண்ணா: பேசும் பிரஷர் கருவிக்கு எந்தக் குரல்?

குரல் கலைஞரைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்ததும் முதலில் எழும் கேள்வி "ஆண் குரலா, பெண் குரலா?" என்பதுதான். என்னைக் கேட்டால் அது கடைசியில் வர வேண்டிய கேள்வி. இந்தக் குரலை யார், எந்த ஸ்பீக்கரில், என்ன செய்துகொண்டிருக்கும்போது கேட்கப்போகிறார் என்பது முதலில் தெரிய வேண்டும். அப்புறம், பேசுபவர் அவருக்கு யாராகத் தோன்ற வேண்டும் என்பது. இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் வயதும் வழக்கும் பாதி முடிவாகிவிடும்.

ஒரு பொருளை எடுத்துக்கொண்டு பார்ப்போம். வீட்டில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி. அளந்து முடித்ததும் எண்ணை வாய்விட்டுச் சொல்லும். பயன்படுத்துபவர்கள் பெரும்பாலும் அறுபதைக் கடந்தவர்கள். பணம் கொடுத்து வாங்குபவர்கள் பெரும்பாலும் அவர்களுடைய பிள்ளைகள். குரல் இரண்டு இடத்தில் வேண்டும்: 30 விநாடி விளம்பரத்தில் ஒன்று, கருவிக்குள்ளே ஒன்று. ஆடிஷனில் நான்கு பேர் மிஞ்சியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருபதுகளில் இருக்கும் ஒரு பெண், துள்ளலும் பளிச்சும் கொண்ட குரல். அறுபதை நெருங்கும் ஓர் ஆண், கனத்த பேஸ் குரல். நாற்பதுகளில் ஒரு பெண், சற்றே தாழ்ந்த சுருதி, எந்த ஊர் என்று சொல்ல முடியாத பொதுப் பேச்சு. முப்பத்தைந்தை ஒட்டிய ஓர் ஆண், பிறந்து வளர்ந்த வட்டார வழக்கு அப்படியே நாக்கில் இருக்கிறது.

ஸ்டூடியோவின் பெரிய ஸ்பீக்கரில் கேட்டால் எல்லோரும் அறுபது வயதுக்காரரைத்தான் கைகாட்டுவார்கள். அனுபவம், நம்பிக்கை, டாக்டர் மாதிரி ஒரு கம்பீரம், எல்லாம் அந்தக் குரலில் இருக்கிறது. கருவிக்குள் வைத்தால் அதே குரல் சோடை போகும். ஆண்கள் பேசும்போது குரலின் அடிப்படை அதிர்வெண் ஏறக்குறைய 85 முதல் 155 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். பெண்களுக்கு 165 முதல் 255 வரை. கருவியில் இருப்பது சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய ஸ்பீக்கர். அது இந்தத் தாழ்ந்த ஒலிகளை ஏறக்குறைய வெளியே விடுவதே இல்லை. மேலே இருக்கும் துணை அதிர்வுகளை வைத்து நம் காது சுருதியை ஊகித்துக்கொள்வதால் பேசுவது ஆண் என்று தெரியும். ஆனால் ஸ்டூடியோவில் நம்மை மயக்கிய அந்தக் கனம் வந்து சேராது. கரகரப்பு மட்டும் மிஞ்சி, சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

இளம்பெண்ணின் குரலை ஒதுக்குபவர்கள் சொல்லும் காரணம் வேறு: "வயதானவர்களுக்குக் கீச்சுக் குரல் கேட்காது." இதில் பாதிதான் உண்மை. வயதோடு வரும் கேள்வித்திறன் குறைவு உயர் அதிர்வெண்களில்தான் தொடங்குகிறது, அது சரி. ஆனால் 200 ஹெர்ட்ஸ் என்பது உயர் அதிர்வெண்ணே அல்ல. முதலில் பறிபோவது 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கும் பகுதி. ச, த, ட, க போன்ற மெய்களைப் பிரித்தறிய உதவும் ஒலிகளில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. ஆகவே முதியவரின் சிக்கல் பேசுபவர் ஆணா பெண்ணா என்பதைவிட மெய்யெழுத்துகள் தெளிவாக விழுகின்றனவா என்பதில் இருக்கிறது. நம் இளம்பெண்ணின் பேச்சில் நான் குறை காண்பது சுருதியில் அல்ல. வேகத்திலும், காற்று கலந்த உச்சரிப்பிலும், சொல்லின் வாலை விழுங்குவதிலும்தான்.

சொல்லின் வால் தமிழில் சும்மா ஒட்டிக்கொண்டிருப்பது அல்ல. "கையை அசைக்காதீர்கள்" என்பதில் கூடாது என்ற செய்தி முழுவதும் கடைசியில்தான் வருகிறது. வாலை விழுங்கினால் கேட்பவருக்குக் கிடைப்பது "கையை அசைக்க" என்பது மட்டுமே. அவர் கையை அசைப்பார், கருவி பிழை காட்டும், பிறகு கருவி மோசம் என்று பெயர் வரும். இந்த ஒரு வாக்கியத்தை ஆடிஷன் ஸ்கிரிப்டில் கட்டாயம் சேர்க்கச் சொல்வேன். இன்னொன்று, எழுபதும் எண்பதும். பேச்சில் எண்பது பலருக்கு "எம்பது" ஆகிறது, எழுபது "எளுபது" ஆகிறது. சின்ன ஸ்பீக்கரில், பக்கத்தில் மின்விசிறியும் ஓடினால் இரண்டும் ஒன்றாகிவிடும். நூற்று எழுபதும் நூற்று எண்பதும் மருத்துவரிடம் சொல்லும்போது ஒன்றல்ல. ஆகவே நான்கு பேரையும் "நூற்று எழுபது", "நூற்று எண்பது" இரண்டையும் முன்பின்னாக மாற்றி மாற்றிப் படிக்கச் சொல்ல வேண்டும். டெமோவில் நெகிழ வைத்த குரல் இங்கே தடுமாறுவது உண்டு.

வயது பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். பிறந்த தேதி நமக்குத் தேவையில்லை. காதுக்கு எத்தனை வயதாகக் கேட்கிறது என்பதுதான் தேவை. முதுமையில் பொதுவாக ஆண் குரல் கொஞ்சம் மேலேறும், பெண் குரல் கீழிறங்கும். நடுக்கமும் மூச்சுக் கசிவும் சேரும், பேச்சு மெதுவாகும். நல்ல கலைஞர் இவற்றில் பலவற்றைக் கூட்டிக் குறைத்துப் பத்துப் பதினைந்து வயதை மாற்றிக் காட்டுவார். கார்ட்டூன்களில் சிறுவர்களுக்குப் பெரியவர்கள், அதிலும் பெண்கள், குரல் கொடுப்பது இதனால்தான் முடிகிறது. சிறுவனின் குரல் உடைந்துவிட்டால் அடுத்த தொடருக்கு வேறு குரல் தேட வேண்டி வரும் என்பது அங்கே கூடுதல் காரணம்.

முதியவருக்கு முதிய குரல்தான் பொருந்தும் என்ற எண்ணத்தையும் நான் ஏற்பதில்லை. கருவி சொல்வதைக் கேட்பவர் அதில் தன் வயதுத் தோழரைத் தேடவில்லை. நிதானமான, விவரம் தெரிந்த ஒருவரைத் தேடுகிறார். அதைவிட மோசம், இளைய கலைஞர் முதியவருக்காகப் பேசுகிறோம் என்று குரலை உயர்த்தி, இழுத்து, குழந்தையிடம் கொஞ்சுவதுபோலப் பேசுவது. இழுத்துப் பேசினால் சொல்லின் வடிவமே குலைகிறது, புரிதல் கூடுவதில்லை. அவமதிப்பாக மட்டும் படும். சொற்களை இயல்பான வேகத்தில் விட்டுவிட்டு, சொற்றொடர்களுக்கு நடுவே அரை விநாடி இடைவெளி தருவதே பலன் தரும். நாற்பதுகளின் குரலை நான் முன்னால் வைப்பது இதற்காகத்தான். மகள் வயது என்றும் சொல்லலாம், நர்ஸ் வயது என்றும் சொல்லலாம்; சொல்லும் தகுதி இருக்கிறது, அதட்டல் இல்லை.

வட்டார வழக்கில்தான் ஒப்பீடு சிக்கலாகிறது. ஏனென்றால் இரண்டு பேரை இரண்டு வழக்கில் கேட்கும்போது, நமக்குப் பிடித்தது வழக்கா, அந்த ஆளின் குரலா என்று பிரிக்க முடியாது. 1960-இல் உளவியலாளர் வாலஸ் லாம்பர்ட்டும் அவருடன் இருந்தவர்களும் கனடாவின் மான்ட்ரியலில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஒரே ஆள் ஒரே பகுதியை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் படிக்க, இருவேறு ஆட்கள் என்று நினைத்துக் கேட்டவர்கள் அவரைப் பற்றி மதிப்பிட்டார்கள். மொழி மாறியதும் அதே ஆளின் மதிப்பும் மாறியது. நம் நான்காவது கலைஞருக்கு இதே முறையைச் செய்யலாம். அவரையே ஒருமுறை தன் வழக்கிலும் ஒருமுறை பொதுப் பேச்சிலும் படிக்கச் சொல்லி, வெவ்வேறு ஆட்களுக்குப் போட்டுக் காட்டினால், வழக்கு மட்டும் என்ன செய்கிறது என்பது தனியாகத் தெரிந்துவிடும்.

அது செய்வது இரண்டு. விளம்பரத்தில் அந்த வழக்கு நெருக்கத்தைக் கொண்டுவருகிறது. அதைப் பேசும் மக்களுக்கு "நம்ம ஆள்" என்று காது நிமிர்கிறது. கருவிக்குள் போனால், அந்த வழக்குக்குப் பழகாதவர் ஒவ்வொரு எண்ணையும் ஒரு கணம் யோசித்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. 2010-இல் ஷிரி லெவ்-ஆரியும் போவஸ் கெய்சரும் வெளியிட்ட ஆய்வில், வேற்றுமொழிச் சாயலோடு சொல்லப்பட்ட பொதுஅறிவுத் தகவல்களைக் கேட்பவர்கள் குறைவாகவே நம்பினார்கள். கேட்டுப் புரிந்துகொள்ளும் சிரமத்தையே மனம் உண்மைக் குறைவாக எடுத்துக்கொள்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். அந்த ஆய்வு வேற்றுமொழிச் சாயலைப் பற்றியது, ஒரே மொழியின் வழக்குகளைப் பற்றியது அல்ல. ஆனாலும் எண் சொல்லும் குரலில் அந்தச் சிரமத்தைத் தெரிந்தே சேர்க்க நான் துணிய மாட்டேன். வழக்கை எடுப்பதானால் அதைப் பேசிப் பிறந்தவரே வேண்டும், ஸ்கிரிப்டையும் அவரே வாயில் வருகிறபடி மாற்றி எழுத வேண்டும். பொதுத் தமிழில் எழுதியதை வழக்கின் ராகத்தில் மட்டும் படித்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே அந்த மக்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். கேலி செய்கிறார்கள் என்றுகூடத் தோன்றும்.

இனி ஆணா பெண்ணா. 1997-இல் கிளிஃபர்ட் நாஸ் குழுவினர் நடத்திய ஆய்வில், ஆண் குரல் கணினி சொன்ன பாராட்டை மக்கள் கூடுதலாகப் பொருட்படுத்தினார்கள். காதலையும் உறவையும் பற்றி விவரம் தெரிந்தது பெண் குரல் கணினி என்று நினைத்தார்கள். எதிரே இருப்பது எந்திரம் என்று தெரிந்தே இப்படி. ஆகவே பால் பற்றிய முன்முடிவு கேட்பவரிடம் இருப்பது உண்மை. ஆனால் நம் கருவி பாராட்டுவதில்லை, அறிவுரையும் சொல்வதில்லை, எண்ணைச் சொல்கிறது. இங்கே தெளிவு சமமாக இருந்தால் இரண்டு குரலையும் பதிந்து, பயன்படுத்துபவரே மாற்றிக்கொள்ள ஒரு பொத்தான் வைப்பது நல்லது. பட்ஜெட் ஒரு குரலுக்குத்தான் என்றால், நான்கு பேரில் மெய்யெழுத்து சுத்தமாக விழுபவருக்கே என் ஓட்டு.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை. நான்கு ரெக்கார்டிங்கின் ஒலி அளவையும் சமமாக்க வேண்டும், ஏனென்றால் கொஞ்சம் உரக்க இருப்பதே நன்றாக இருப்பதாகக் காது சொல்லும். அப்புறம் கருவியின் ஸ்பீக்கரிலேயே, தொலைக்காட்சி ஓடும் அறையில், அறுபது கடந்தவர்களுக்குப் போட வேண்டும். "பிடித்திருக்கிறதா?" என்று கேட்கக் கூடாது; கேட்ட எண்ணைத் தாளில் எழுதச் சொல்ல வேண்டும். எழுதிய பிறகு "பேசியவர் யாராக இருக்கும்?" என்று கேட்கலாம். இங்கே நாற்பதுகளின் பெண்ணைக் கருவிக்கும், வட்டார வழக்கு ஆணை விளம்பரத்துக்கும் அனுப்புவேன் என்பது என் கணிப்பு. விளம்பரத்தில் பேச வேண்டியவர் மகன், கேட்பவர்களும் மகன்களும் மகள்களும். தாளில் வேறு விடை வந்தால் தாள் சொல்வதைத்தான் ஏற்பேன்.

ஒப்பந்தம் போடும்போது மறக்கக் கூடாதது ஒன்று உண்டு. கருவி எண்களைத் துண்டுகளை ஒட்டித்தான் பேசும். ஆகவே ஒவ்வோர் எண்ணையும் இரண்டு விதமாகப் பதிய வேண்டும்: தொடர்ந்து வருவதற்கு ஒன்று, குரல் இறங்கி முடிவதற்கு ஒன்று. உயர்ந்த எண்ணையும் இயல்பான எண்ணையும் ஒரே நிதானத்தில் சொல்லச் சொல்லுங்கள். குரலில் பதற்றம் தெரிந்தால் கேட்பவரும் பதறுவார், அடுத்த அளவு இன்னும் ஏறலாம். இரண்டு வருடம் கழித்து புதிய மாடலுக்குப் பத்து வாக்கியம் கூடுதலாகத் தேவைப்படும். அதே மைக், அதே தூரம், முடிந்தால் நாளின் அதே வேளை என்பதையும், கலைஞர் திரும்பி வருவார் என்பதையும் இப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.