உங்கள் கடையின் பேஜ் யார் கையில் இருக்கிறது?

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை வட்டாரத்தில் சிறு வியாபாரம் செய்கிறவர்கள், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் வேலையைப் பகுதிநேரமாக ஒருவரிடம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் பாரம்பரிய அரிசி விற்கிறோம். மாப்பிள்ளைச் சம்பா, கருப்பு கவுனி, தூயமல்லி. மாதம் எட்டாயிரம் ரூபாய் பேசி ஒருவரைப் பிடித்தோம். தெரிந்தவர் சொல்லி வந்தவர்தான். பேஜைத் தானே தொடங்கித் தருவதாகச் சொன்னார், தொடங்கினார். அவருடைய ஐடியில், அவருடைய மொபைல் எண்ணில்.

அங்கேதான் முடிச்சு விழுந்தது. எனக்கும் போஸ்ட் போட முடிந்ததால், பேஜ் எங்களுடையது என்றே இருந்தோம். உண்மையில் எனக்குக் கொடுத்திருந்தது வேலைக்கான அனுமதி மட்டும். முழு உரிமை அவரிடம் இருந்தது. உங்கள் பேஜின் Settings-இல் Page access என்று இருக்கும், அதைத் திறந்து பாருங்கள். உங்கள் பெயருக்கு Full control இருக்க வேண்டும். அந்தப் பகுதியே உங்களுக்குத் திறக்கவில்லை என்றால், பேஜ் உங்கள் கையில் இல்லை.

முதலில் கண்ணில் பட்டது ஒரு வாடிக்கையாளரின் செய்தி. திருவாரூரில் இருந்து ஒரு அம்மா கேட்டிருந்தார்: "தம்பி, கவுனி அரிசி சாப்பிட்டா சுகர் குணமாகும்னு போட்டிருக்கீங்க. மாத்திரையை நிறுத்திடலாமா?" எனக்குக் கை நடுங்கிவிட்டது. எங்களைக் கேட்காமல் அவர் போட்ட போஸ்ட் அது. உணவுப் பொருள் நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வது, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விளம்பர விதிகளின்படி தவறு. அதைவிட, ஒருவர் மாத்திரையை நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? உடனே அந்த அம்மாவுக்கு போன் செய்து, டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள் என்று சொன்னேன்.

அப்புறம் கணக்கைப் பார்க்க ஆரம்பித்தோம். மாதாமாதம் அவர் ஸ்கிரீன்ஷாட் அனுப்புவார், ஃபாலோயர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கும். அரிசி மட்டும் நகரவில்லை. ஒருநாள் அவரை வைத்துக்கொண்டே இன்ஸ்டாகிராம் இன்சைட்ஸில் ஃபாலோயர்கள் எந்தெந்த ஊர் என்று திறக்கச் சொன்னோம். தஞ்சாவூரும் இல்லை, திருச்சியும் இல்லை, சென்னைகூட இல்லை. எல்லாம் வெளிநாட்டு ஊர்கள். காசு கொடுத்து வாங்கிய ஃபாலோயர்கள். விளம்பரச் செலவுக்கு ரசீது கேட்டதற்கு, தன் கார்டில் போட்டதாகச் சொன்னார். எவ்வளவு போட்டார் என்பது இன்றுவரை தெரியாது.

வேலையை நிறுத்தச் சொன்னதும் பேச்சு மாறியது. பேஜை ஒப்படைக்க இருபத்தைந்தாயிரம் கேட்டார். இன்ஸ்டாகிராமின் பாஸ்வேர்டை மாற்றப் பார்த்தால், குறியீடு அவர் எண்ணுக்குத்தான் போகிறது. தை அறுவடை முடிந்து புது அரிசி விற்கும் நேரம் அது. மூட்டைகளில் அச்சடித்த க்யூஆர் எல்லாம் அந்தப் பேஜுக்குத்தான் போனது. பணம் கொடுக்கவில்லை. சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்துவிட்டு, புதுப் பேஜ் தொடங்கி, மூட்டைகளில் புது ஸ்டிக்கர் ஒட்டினோம்.

இப்போது வேறொரு பெண் இந்த வேலையைச் செய்கிறார். பேஜ் என் ஐடியில் இருக்கிறது. என் போன் தொலைந்தாலும் சிக்கக் கூடாது என்று, அண்ணிக்கும் முழு உரிமை கொடுத்திருக்கிறோம். அந்தப் பெண்ணுக்கு போஸ்ட் போடவும் மெசேஜுக்குப் பதில் சொல்லவும் மட்டும் அனுமதி. விளம்பரக் கணக்கும் கார்டும் எங்களுடையவை, ரசீது எங்களுக்கு வரும்.

மாத ஆரம்பத்தில் ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுவோம்: எந்த அரிசி, என்ன விலை, எத்தனை போஸ்ட், எந்தச் சொல் வரக் கூடாது. "குணமாகும்", "தீரும்" இரண்டும் அதில் முதலில் இருக்கும். வியாழக்கிழமை அடுத்த வாரப் போஸ்ட்களை வாட்ஸ்அப் குழுவில் போடுவார். விலையை அண்ணன் பார்ப்பார், மற்றதை நான் பார்ப்பேன். "சரி" என்று எழுதிய பிறகுதான் ஏறும். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: போஸ்ட் போடும் அனுமதி உள்ளவர் நம்மைக் கேட்காமலும் போடலாம், இருப்பதை அழிக்கவும் செய்யலாம். ஃபேஸ்புக் அதைத் தடுக்காது. அதனால் கேட்காமல் ஏறிய போஸ்ட்டுக்கு அந்த மாதம் பணம் பிடிக்கப்படும் என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டோம்.

மாதக் கடைசியில் ஸ்கிரீன்ஷாட் வாங்குவதில்லை. என் போனிலேயே திறந்து, இருவரும் உட்கார்ந்து பார்க்கிறோம். ஃபாலோயர் எந்த ஊர், எந்தப் போஸ்ட்டுக்கு விலை கேட்டு ஆள் வந்தார்கள், அதில் எத்தனை பேர் வாங்கினார்கள். வேலையை விட்டு நின்றால் அன்றே அனுமதியை எடுத்துவிட்டு, இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டை மாற்றி, வேறு போன்களில் திறந்திருப்பதையெல்லாம் வெளியேற்றிவிட வேண்டும் என்பதும் எழுதியிருக்கிறது. அந்தப் பெண்ணே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.