பம்பியா, கசிவுக் கால்வாயா: −70 மில்லிவோல்ட் யாருடைய வேலை?

ஓய்வில் இருக்கும் நரம்புக்கலத்தின் உட்பக்கம் வெளிப்பக்கத்தைவிட ஏன் ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் மறையாக இருக்கிறது என்று மட்டக்களப்பில் ஓர் உயர்தர உயிரியல் மாணவரிடம் கேட்டால், "பம்பி 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொற்றாசியத்தைத்தான் உள்ளே எடுக்குது, அதனால" என்று பதில் வரக்கூடும். அது பிழையில்லை. ஆனால் கணக்குப் போட்டால் அதன் பங்கு மிகச் சிறியது. இந்தப் போட்டியில் நான், மென்சவ்வில் அயன்கள் தாமாகவே கசிந்து செல்லும் கசிவுக் கால்வாய்களின் பக்கம்.

பம்பியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். ஒரு சுற்றுக்கு ஓர் ஏ.ரி.பி. செலவழித்து, உள்ளே லீற்றருக்கு 140 மில்லிமோல் பொற்றாசியத்தையும் வெளியே 145 மில்லிமோல் சோடியத்தையும் அது குவித்து வைக்கிறது. உள்ளே சோடியம் 15, வெளியே பொற்றாசியம் 5 மட்டுமே. இவை முலையூட்டிகளின் சராசரி அளவுகள். கலத்துக்குக் கலம் கொஞ்சம் மாறும்.

மென்சவ்வு பொற்றாசியத்தை மட்டும் விட்டால், அது செறிவு குறைந்த வெளிப்பக்கம் கசியும். கூடவே போக முடியாத மறையேற்றங்கள் உள்ளே தங்கும். அந்த மறையேற்றம் பொற்றாசியத்தைத் திரும்ப இழுக்கும். இரண்டு இழுவையும் சமப்படும் இடம், 37 பாகையில், ஏறத்தாழ −89 மில்லிவோல்ட். சோடியத்துக்கு அதே கணக்கு +61 தரும். மென்சவ்வு பொற்றாசியத்தை விடுவதில் 25இல் ஒரு பங்கே சோடியத்தை விடுகிறது என்று எடுத்தால், இரண்டு கசிவையும் சேர்த்துக் கணிக்கும் கோல்ட்மன் சமன்பாட்டில் வருவது −69.

இப்போது 3:2 பம்பியைச் சேருங்கள். விடை −74 ஆகிறது. பம்பியின் நேரடிப் பங்களிப்பு ஏறத்தாழ 5 மில்லிவோல்ட்தான், மீதியெல்லாம் கசிவு. வெளிப் பொற்றாசியத்தை 5இலிருந்து 10 ஆக்கிப் பார்த்தாலும் இது தெரியும். பம்பியைச் சேர்க்காத கணக்கிலேயே −69, −58 ஆகிவிடும்.

தீர்மானிக்கும் சோதனை, பம்பியை நிறுத்துவது. உவபெயின் என்ற நச்சு அதைத் தடுக்கும். உடனே சில மில்லிவோல்ட்தான் குறையும். கரண்ட் போனாலும் மேல்தாங்கியில் நீர் இருக்கும்வரை பைப்பில் தண்ணீர் வருமே, அப்படி. பிறகு செறிவு வேறுபாடு கரையக் கரைய மின்னழுத்தமும் மெல்லச் சரியும். மாறாக, பொற்றாசியக் கசிவை அடைத்தால் பம்பி ஓடிக்கொண்டிருந்தாலும் மின்னழுத்தம் உடனே நேர்ப்பக்கம் நகரும். தாங்கி உவமைக்கும் ஓர் எல்லை உண்டு: இந்த மின்னழுத்தத்தை உண்டாக்கக் கசியும் அயன்கள் மிகச் சொற்பம், அதனால் செறிவு மாறியதாகவே தெரியாது.

பம்பி இல்லாமல் கலம் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது அதன் பருமனில் தங்கியிருக்கிறது. கணவாயின் இராட்சத நரம்பிழையில் கொள்ளளவு பெரிது, அதனால் பம்பி நின்ற பிறகும் நீண்ட நேரம் கணத்தாக்கங்களை எழுப்பலாம். மூளையின் மெல்லிய இழைகளில் சேமிப்புக் குறைவு. அங்கே ஒட்சிசன் தடைப்பட்டுப் பம்பி நின்றால், சில நிமிடங்களில் கசிவே அந்தச் சேமிப்பைக் காலி செய்துவிடும்.