ரீஜென் டிஸ்பிளே: எண் காட்டும் திரையா, பட்டை காட்டும் திரையா?

மின்சாரக் கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் போகும் என்பதைத்தான். நானும் அதைத்தான் கேட்டேன். கடைசிச் சுற்றில் நின்ற இரண்டு கார்களுக்கும் அதில் பெரிய வித்தியாசம் இல்லை. அப்புறம்தான் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் திரையைக் கவனித்தேன். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, காரின் வேகத்தை மின்சாரமாக்கிப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறதே, அந்த ரீஜென் பிரேக்கிங்கை இரண்டும் வேறு வேறு விதமாகக் காட்டின. அதை வைத்துத்தான் முடிவெடுத்தேன்.

முதல் கார் எண் காட்டும் வகை. 0, 1, 2, 3 என்று ரீஜென் நிலைகள் இருக்கும். எதைத் தேர்ந்தெடுத்திருக்கிறோமோ அந்த எண் திரையில் நிற்கும். 3-க்கும் மேலே, ஆக்ஸிலரேட்டர் ஒன்றை வைத்தே காரை ஓட்டவும் நிறுத்தவும் முடிகிற ஒன்-பெடல் நிலை தனியாக இருந்தால் அதற்கென்று ஒரு சின்னம் வரும். ஹூண்டாய், கியா கார்களில் ஸ்டீயரிங் பின்னால் உள்ள துடுப்புகளைத் தட்டித் தட்டி ஐ-பெடல் என்ற ஒன்-பெடல் நிலை வரை போவது இந்த வகைதான்.

இரண்டாவது, பட்டை காட்டும் வகை. நடுவில் பூஜ்யம். ஒரு பக்கம் பேட்டரியிலிருந்து போகும் மின்சாரம், மறுபக்கம் பச்சையில் திரும்பி வருவது. சில கார்களில் பட்டை மட்டும் இருக்கும். செவர்லே போல்ட்டில் வருவதுபோல சிலவற்றில் கிலோவாட் எண்ணும் கூடவே ஓடும். டெஸ்லாவில் ரீஜென் குறைந்திருக்கும்போது பட்டையின் ஒரு பகுதி புள்ளிக்கோடாக மாறும். இந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

பல கார்களில் இரண்டுமே ஏதோ ஒரு வடிவில் இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எது பெரிதாக, பார்த்த பார்வையில் தெரிகிறது என்பதில்தான் வித்தியாசம்.

எண் வகையின் பலம் எளிமை. வீட்டில் இரண்டு மூன்று பேர் மாற்றி மாற்றி ஓட்டினால், முந்தைய ஆள் எந்த நிலையில் விட்டுப் போனார் என்று உட்கார்ந்தவுடன் தெரிந்துவிடும். 3-ஆம் நிலைக்கும் ஒன்-பெடலுக்கும் உள்ள வித்தியாசத்தையும் சின்னம் தெளிவாகச் சொல்லும். ஐ-பெடல் உள்ள கார்களில் 3-ஆம் நிலை காரைப் பலமாக மெதுவாக்கும், ஆனால் முழுதாக நிறுத்தாது. ஊர்ந்துகொண்டே இருக்கும், கடைசியில் பிரேக்கை மிதித்தாக வேண்டும். ஐ-பெடல் முழுதாக நிறுத்தும். புதிதாக ஓட்டுகிறவர் இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிட்டால் முன்னால் நிற்கும் வண்டியின் பம்பர்தான் பாடம் சொல்லும். காரை அணைத்துப் போட்டால் இந்த நிலையை மறந்துவிடும் கார்களும் உண்டு. ஆகவே கிளம்பும்போது அந்தச் சின்னத்தை ஒரு பார்வை பார்ப்பது நல்லது.

சரி, இவ்வளவு வசதியிருந்தும் நான் ஏன் பட்டைப் பக்கம் சாய்ந்தேன்? எண் என்பது நாம் காரிடம் என்ன கேட்டோம் என்று மட்டும் சொல்கிறது. இந்த நிமிடம் கார் எவ்வளவு தர முடியும் என்பதைச் சொல்வதில்லை. இரண்டும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

பேட்டரி 100 சதவீதம் நிறைந்திருந்தால் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடமில்லை. பேட்டரி மிகவும் குளிர்ந்திருந்தாலும் கட்டுப்பாட்டுக் கணினி சார்ஜை ஏற்க மறுக்கும். குளிர்ந்த செல்லுக்குள் வேகமாகச் சார்ஜ் செலுத்தினால் லித்தியம் ஆனோடுக்குள் நுழையாமல் அதன் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். செல்லுக்கு அது நிரந்தர சேதம். (உறைபனியில் ஓட்டிய அனுபவம் எனக்குக் குறைவு. நிறைந்த பேட்டரியோடு கிளம்பும் அனுபவம் நிறைய.) இந்த இரண்டு நேரத்திலும் திரையில் 3 என்ற எண் அசையாமல் 3 ஆகவே நிற்கலாம். ஒரு எச்சரிக்கை வரி வந்து போகும் கார்கள் உண்டு, ஆனால் அது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று சொல்லாது.

எவ்வளவு குறைகிறது என்பதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்த்தால் விஷயம் பிடிபடும். ஆட்களோடு சேர்த்து 1,800 கிலோ எடையுள்ள கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஒன்-பெடலில் காலை முழுதாக எடுத்தால் வினாடிக்கு வினாடி 2 மீட்டர் வேகம் குறையும்படி அமைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நிற்க எட்டு வினாடி சொச்சம், தூரம் சுமார் 70 மீட்டர். இதற்கு முதல் நொடியில் மோட்டார் 60 கிலோவாட் அளவுக்கு இழுத்துப் பிடிக்க வேண்டும்.

இப்போது பேட்டரி நிறைந்திருப்பதால் கணினி 20 கிலோவாட்டுக்கு மேல் ஏற்கவில்லை. அதே 60-இல் காலை எடுக்கிறீர்கள். முதலில் கிடைப்பது மூன்றில் ஒரு பங்குப் பிடிதான். வேகம் குறையக் குறையப் பிடி கூடும். 20 கிலோமீட்டருக்கு வந்த பிறகுதான் பழைய பிடி முழுதாகக் கிடைக்கும். காற்று எதிர்ப்பையும் டயர் உராய்வையும் விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், நிற்கத் தேவைப்படும் தூரம் சுமார் 140 மீட்டர். அதாவது இரண்டு மடங்கு. நிஜத்தில் காற்று கொஞ்சம் உதவும் என்பதால் சற்றுக் குறையலாம். ஆனாலும் தினமும் 70 மீட்டரில் நின்று பழகிய கால், அன்றைக்கு மட்டும் ஏமாந்து போகும்.

இந்த இடத்தில்தான் எல்லைக்கோடு போட்ட பட்டை தன் வேலையைக் காட்டுகிறது. பச்சைப் பக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு புள்ளிக்கோடாக இருந்தால், கிளம்பும்போதே தெரிந்துவிடும்: இன்றைக்குக் கால் பிரேக் மேலேயே தயாராக இருக்க வேண்டும். காலை எடுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. சில கிலோமீட்டர் ஓடிப் பேட்டரி கொஞ்சம் இறங்கியதும் புள்ளிகள் ஒவ்வொன்றாக மறைந்து கோடு நீள்வதையும் பார்க்கலாம். மலைப்பாதையில் இறங்குகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அதே கார் 500 மீட்டர் உயரம் இறங்கினால் சுமார் இரண்டரை யூனிட் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். பேட்டரியில் இடமில்லாவிட்டால் அவ்வளவும் பிரேக் டிஸ்க்கில் சூடாக மாறும். மேலே தங்கும் இடத்தில் 100 வரை சார்ஜ் ஏற்றாமல் 90-க்குள் நிறுத்திவிட்டு இறங்குவது இதற்காகத்தான்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. ரீஜென் குறையும்போது அந்தக் குறையைச் சாதாரண பிரேக்கைத் தானாகவே போட்டு நிரப்பும் கார்கள் இருக்கின்றன. டெஸ்லாவில் இதை மெனுவில் போட்டுக்கொள்ளலாம். நிசானின் ஒன்-பெடல் வசதியான இ-பெடல் பிறந்ததே இப்படித்தான். இவற்றில் காலுக்கு வித்தியாசமே தெரியாது, நிற்கும் தூரமும் மாறாது. உங்கள் கார் இந்த ரகம் என்றால் நான் இவ்வளவு நேரம் வாதாடியதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. எண் வகையே போதும் என்றுகூடச் சொல்வேன்.

பட்டை வகைக்கும் குழப்பம் உண்டு. புதிதாக வாங்கிய நண்பர் ஒருவர், “சிக்னலை நெருங்க நெருங்க பச்சைக்கோடு சுருங்குது, ரீஜென் தோற்றுப்போகுதா?” என்று கேட்டார். இல்லை. பட்டை காட்டுவது பிடியின் பலத்தை அல்ல, திறனை. பிடியையும் வேகத்தையும் பெருக்கினால் வருவதுதான் திறன். மேலே போட்ட கணக்கில் 60-இல் 60 கிலோவாட் காட்டும் அதே பிடி, 30-இல் 30 கிலோவாட்தான் காட்டும். கார் அதே அளவில்தான் மெதுவாகிக்கொண்டிருக்கும். நீங்கள் நம்ப வேண்டியது முதுகு உணர்வதை. பட்டை திடீரென்று அறுந்து, கார் ஒரு கணம் முன்னால் நழுவுவதுபோல் இருந்தால்தான் கவனிக்க வேண்டும். ஈரமான சாலையிலோ பள்ளத்திலோ சக்கரம் வழுக்கினால் கணினி ரீஜெனை வெட்டிவிடும். அப்போது தயங்காமல் பிரேக்.

இன்னொன்று, பச்சை நிறத்தைப் பார்த்துப் பார்த்து அதையே சம்பாதிப்பதாக நினைத்து ஓட்டும் பழக்கம். சக்கரத்திலிருந்து பேட்டரிக்குப் போய் மறுபடி சக்கரத்துக்கு வருவதற்குள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே வெப்பமாகிப் போகும். முன்னால் சிவப்பு விளக்கு தெரிந்தால் பட்டையைப் பூஜ்யத்தில் நிறுத்தி, காரை அதன் போக்கில் உருளவிட்டுக் கடைசியில் ரீஜெனைப் பிடிப்பதுதான் சிக்கனம். ஒன்-பெடலில் காலை முழுதாக எடுக்காமல் லேசாக வைத்திருந்தால் பூஜ்யம் கிடைக்கும். பட்டை இல்லாமல் அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது கடினம். எண் வகையில் 0 நிலைக்கு மாற்றித்தான் உருள வேண்டும்.

மற்ற இரண்டு அடையாளங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்று, நின்ற பிறகு எரியும் HOLD அல்லது AUTO HOLD விளக்கு. அது எரியாமல் கார் நின்றிருந்தால் சரிவில் நகரக்கூடும். இரண்டு, பின்விளக்கு. ஐ.நா. பிரேக் விதிமுறைப்படி ரீஜெனால் வரும் வேகக்குறைவு வினாடிக்கு வினாடி 1.3 மீட்டரைத் தாண்டினால் பிரேக் விளக்கு எரிந்தாக வேண்டும்; 0.7-க்குக் கீழே எரியக் கூடாது. இடையில் இருப்பது தயாரிப்பாளர் விருப்பம். திரையில் உள்ள கார் படத்தில் பின்விளக்கு சிவப்பாவதைக் காட்டும் கார் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். பின்னால் வருகிறவருக்கு நாம் மெதுவாவது தெரிகிறதா என்று அறிய வேறு சுலபமான வழி இல்லை.

ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும் கார் பெரும்பாலும் முழுதாகச் சார்ஜ் ஏற்றியதாக இருக்கும். அதைச் சாதகமாக்கிக்கொள்ளுங்கள். பின்னால் வண்டி வராத நேர்சாலையில் அதிகபட்ச ரீஜெனில் காலை எடுத்துப் பாருங்கள். பிடி தளர்வாக இருந்து, திரை அதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் நல்ல டிஸ்பிளே. பிடி தளர்ந்தும் திரையில் 3 என்று மட்டும் நின்றால் அந்தக் காரில் முழு சார்ஜோடு கிளம்பும் நாட்களில் பிரேக்கை நம்பித்தான் ஓட்ட வேண்டும். பிடி குறையவே இல்லையென்றால் சாதாரண பிரேக் கலக்கிறதா, அல்லது 100 என்று காட்டினாலும் பேட்டரியில் கொஞ்சம் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்களா என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் காரின் கையேட்டில் ரீஜென் பகுதியில் எழுதியிருக்கும்.